கம்பிப் பதம், உருண்டைப் பதம்: பாகுக்குள் என்ன நடக்கிறது?

"ஒரு கம்பிப் பதம் வந்ததும் இறக்கவும்" என்று ஒரு சமையல் குறிப்பு சொல்லும். அதே பலகாரத்துக்கு இன்னொன்று "பத்து நிமிடம் கொதிக்க விடவும்" என்னும். மூன்றாவது, "பாகு கெட்டியானதும்" என்று முடித்துவிடும். மூன்றையும் நம்பிச் செய்தவர்களுக்கு ஒருநாள் மைசூர்பாகு மிருதுவாக வரும், மறுநாள் அதே அளவில் செய்தது கல்லாகிவிடும். கை ராசி, சர்க்கரையின் தரம், அடுப்பு என்று பழி எங்கெங்கோ போகும்.

பதம் என்ற சொல் எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்தக் குழப்பத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அது நேரத்தை அளப்பதில்லை. பாகு பார்வைக்கு எவ்வளவு கெட்டியாகத் தெரிகிறது என்பதையும் அளப்பதில்லை. பாகில் இன்னும் எவ்வளவு தண்ணீர் மிச்சமிருக்கிறது என்பதைத்தான் அளக்கிறது. கம்பி இழுத்துப் பார்ப்பதும், தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்ப்பதும், தட்டில் போட்டுச் சத்தம் கேட்பதும் அந்த மிச்சத் தண்ணீரைக் கண்டுபிடிக்கும் வழிகள்.

களிமண்ணும் பாகும்

குளத்தங்கரைக் களிமண்ணை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் நிறைய இருந்தால் அது கையில் நிற்காமல் வழிகிற சேறு. கொஞ்சம் வற்றினால் விரலில் ஒட்டி இழுபடும். இன்னும் வற்றினால் பிசைந்து பிள்ளையார் பிடிக்கலாம். முழுக்கக் காய்ந்தால் தட்டினால் உடையும் கட்டி. நான்கு நிலையிலும் மண் ஒன்றுதான், தண்ணீரின் அளவு மட்டும் வேறு.

சர்க்கரைப் பாகும் இதே போலத்தான். தண்ணீர் நிறைய இருக்கும்போது விரலில் பிசுபிசுக்கும்; அது பிசுக்குப் பதம். சற்று வற்றினால் இரு விரலுக்கு இடையே நூல் போல இழுபடும்; அது கம்பிப் பதம். மேலும் வற்றினால் குளிர்ந்த தண்ணீரில் விட்ட சொட்டு உருட்ட வரும். அது உருண்டைப் பதம். ஏறக்குறைய எல்லாத் தண்ணீரும் போய்விட்டால், ஆறியதும் கண்ணாடி போல உடையும்.

களிமண்ணுக்கும் பாகுக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. களிமண் எப்போதும் ஒரே சூட்டில் இருப்பதால் பார்த்தாலே அதன் நிலை தெரிந்துவிடும். பாகு அடுப்பில் இருக்கும்போது கடும் சூட்டில் இருக்கிறது, சூட்டில் எல்லாப் பாகும் நீர்த்துத்தான் தெரியும். உருண்டைப் பதத்துப் பாகுகூடக் கொதிக்கும்போது கரண்டியிலிருந்து சரசரவென்று வழியும். அதைப் பார்த்து "இன்னும் ஆகவில்லை" என்று விட்டுவிடுவதுதான் பாகு முற்றிப்போவதற்கு முதல் காரணம். ஒரு சொட்டை எடுத்து ஆறவைத்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

கொதிக்கக் கொதிக்கச் சூடு ஏன் ஏறுகிறது?

வெறும் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். எவ்வளவு நேரம் கொதித்தாலும் அதே சூட்டில் நிற்கும். பாகு அப்படி நிற்பதில்லை. கரைந்திருக்கும் சர்க்கரை, தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்தத் தண்ணீர் ஆவியாகி வெளியேற 100 டிகிரியைவிட அதிகச் சூடு தேவைப்படுகிறது. தண்ணீர் குறையக் குறையப் பிடி இறுகும், கொதிக்கும் சூடும் ஏறும்.

இங்கே ஒரே ஒரு கலைச்சொல் தேவை: செறிவு. நூறு கிராம் பாகில் எத்தனை கிராம் சர்க்கரை இருக்கிறதோ அதுவே அதன் செறிவு. ஒரு கம்பிப் பதத்தில் செறிவு சுமார் 72 சதவீதம், சூடு 105, 106 டிகிரியைச் சுற்றி. மென்மையான உருண்டைப் பதத்தில் செறிவு 85 சதவீதம், சூடு 112 முதல் 116 டிகிரி. கெட்டி உருண்டைக்கு 92 சதவீதம், 121 முதல் 130 டிகிரி. உடையும் பதத்தில் 99 சதவீதம், 146 முதல் 154 டிகிரி. அதையும் தாண்டினால் சர்க்கரை பழுப்பாகிக் கருக ஆரம்பிக்கும்.

பாகு வெப்பமானி வைத்திருப்பவர்கள் இந்த எண்களை அப்படியே நம்பலாம், ஆனால் ஊரின் உயரம் தெரிந்திருக்க வேண்டும். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வெறும் தண்ணீரே 92, 93 டிகிரியில் கொதித்துவிடும். ஆகவே மேலே சொன்ன ஒவ்வொரு எண்ணிலும் ஏழு டிகிரியைக் கழித்துக்கொள்ள வேண்டும். சென்னைக் கணக்கில் 114 டிகிரி வரட்டும் என்று ஊட்டியில் காத்திருந்தால், கையில் கிடைப்பது கெட்டி உருண்டைப் பாகு. விரல் சோதனைக்கு இந்தத் தொல்லை கிடையாது, மலையானாலும் சமவெளியானாலும் கம்பி கம்பிதான்.

அரைக் கிலோ சர்க்கரையில் ஒரு கணக்கு

500 கிராம் சர்க்கரை, 250 மில்லி தண்ணீர் எடுத்துக்கொள்வோம். சர்க்கரை பாத்திரத்தைவிட்டு எங்கும் போகாது, ஆவியாவது தண்ணீர் மட்டுமே. இந்த ஒன்றை வைத்தே ஒவ்வொரு பதத்திலும் எவ்வளவு தண்ணீர் மிச்சமிருக்கும் என்று கணக்கிட்டுவிடலாம்.

சர்க்கரை கரைந்து முடிந்த நொடியில் 250 மில்லி தண்ணீரும் உள்ளே இருக்கிறது. செறிவு ஏறக்குறைய 67 சதவீதம். ஒரு கம்பிப் பதம் வரும்போது 195 மில்லி மிச்சமிருக்கும், அதாவது 55 மில்லிதான் போயிருக்கிறது. மென்மையான உருண்டைப் பதத்தில் 88 மில்லி. கெட்டி உருண்டையில் 43 மில்லி. உடையும் பதத்தில் 5 மில்லி, ஒரு தேக்கரண்டி அளவு.

இந்த எண்களுக்கு இடையிலுள்ள இடைவெளியைக் கவனியுங்கள். ஒரு கம்பியிலிருந்து மென்மையான உருண்டைக்குப் போக நூறு மில்லிக்கு மேல் வற்ற வேண்டும். அங்கிருந்து கெட்டி உருண்டைக்கு 45 மில்லி போதும், அதன்பின் உடையும் பதத்துக்கு 38 மில்லி. "இவ்வளவு நேரம் ஒன்றுமே ஆகவில்லை, திடீரென்று முற்றிவிட்டது" என்று பலரும் சொல்வது பிரமையில்லை. கடைசிக் கட்டத்தில் கொஞ்சம் தண்ணீர் போனாலே பதம் மாறிவிடும்.

குறைந்த அளவில் செய்யும்போது இது இன்னும் வேகமாக நடக்கும். 200 கிராம் சர்க்கரையில் மென்மையான உருண்டைக்கும் கெட்டி உருண்டைக்கும் நடுவே வெறும் 18 மில்லி தண்ணீர். நல்ல தீயில், அகலமான வாணலியில் அது ஓரிரு நிமிடத்தில் போய்விடும். "முதலில் கொஞ்சமாகச் செய்து பழகுகிறேன்" என்று ஒரு கப் சர்க்கரையில் ஆரம்பிப்பவர்கள், தெரியாமலே கடினமான வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பழகுவதற்கு அரைக் கிலோவும் மிதமான தீயும் நல்லது.

இதே கணக்கிலிருந்து ஒரு நல்ல உத்தியும் கிடைக்கிறது. சமையலறைத் தராசு இருந்தால் காலி வாணலியை முதலில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வாணலி 900 கிராம் என்றால், அரைக் கிலோ சர்க்கரையின் ஒரு கம்பிப் பதத்தில் மொத்த எடை 1,595 கிராம் காட்டும். மென்மையான உருண்டைப் பதத்தில் சுமார் 1,490. தராசின் மேல் ஒரு மரப்பலகை வைத்து எடையைப் பூச்சியமாக்கிவிட்டு, அதன்மேல் வாணலியை வைத்தால் சூடு தராசைத் தாக்காது. விரல் சோதனையில் இன்னும் நம்பிக்கை வராதவர்கள், எடை போட்டு அந்தக் கணத்தில் கம்பி இழுத்துப் பார்த்தால் பத்தே முறையில் விரல் கற்றுக்கொள்ளும்.

இதுவரை சொன்னதன் சாரம் இது: பதம் என்பது மிச்சத் தண்ணீர். அது குறையக் குறையக் கொதிக்கும் சூடு ஏறும். ஆரம்பத்தில் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றினால் நேரம் கூடும், பதம் மாறாது. பதத்தைச் சூட்டிலும் பார்க்கலாம், எடையிலும் பார்க்கலாம், ஆறிய சொட்டிலும் பார்க்கலாம்.

கம்பியை எப்படிப் பார்ப்பது?

தீயை முழுக்கக் குறைத்துவிட்டு, கரண்டியால் ஒரு சொட்டுப் பாகை எடுத்து எவர்சில்வர் தட்டின் ஓரத்தில் விடுங்கள். கை தாங்கும் சூட்டுக்கு வரும்வரை சில நொடிகள் பொறுத்து, ஆள்காட்டி விரலால் தொட்டுக் கட்டைவிரலோடு சேர்த்து அழுத்தி மெல்லப் பிரியுங்கள். பிசுபிசுவென்று ஒட்டி, இழை எழும்பாமலே அறுந்தால் பிசுக்குப் பதம். ஒரு மெல்லிய இழை எழும்பி, விரல்கள் ஒரு சென்டிமீட்டர் விலகியும் அறாமல் நின்றால் ஒரு கம்பி. அழுத்திப் பிரித்ததும் இரண்டு இழைகள் சேர்ந்தாற்போல் நின்றால் இரட்டைக் கம்பி.

எல்லோரும் செய்யும் பிழை, சொட்டை ரொம்ப நேரம் ஆறவிடுவது. அறையின் சூட்டுக்கு முழுக்க இறங்கிய பிசுக்குப் பாகும் கம்பி இழுக்கும். அதை நம்பி அடுப்பை அணைத்தால் பலகாரம் இறுகாது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி, இளஞ்சூட்டில் பார்ப்பது முக்கியம். இன்னொரு பிழை, அடுப்பைப் பெருந்தீயில் விட்டுவிட்டுச் சொட்டை ஊதி ஊதிப் பார்ப்பது. நீங்கள் பார்க்கும் சொட்டு அரை நிமிடத்துக்கு முந்தைய பாகு. வாணலியில் இருப்பது அதற்குள் அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கும்.

ஊறும் பலகாரம், பூசும் பலகாரம், கிளறும் பலகாரம்

எந்தப் பலகாரத்துக்கு எந்தப் பதம் என்று நீளமான பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பாகு அந்தப் பலகாரத்தில் என்ன வேலை செய்கிறது என்று கேட்டாலே போதும்.

குலாப் ஜாமூனில் பாகு உள்ளே போக வேண்டும். அதற்கு நீர்த்த பாகு தேவை, பிசுக்குப் பதத்தைத் தாண்டக் கூடாது. கம்பிப் பாகில் போட்டால் அது நுண்துளைகளில் நுழைய முடியாமல் வெளியே நிற்கும். ஜாமூனுக்குள் இருக்கும் ஈரத்தையும் வெளியே இழுத்துவிடும். உருண்டை சுருங்கி, நடுவில் மாவாக நிற்பது இதனால்தான்.

ஜாங்கிரியில் பாகு குழலுக்குள் புகுந்து, வெளியேயும் ஒட்டி நிற்க வேண்டும். அதற்கு ஒரு கம்பி, அதுவும் சூடாக. பூந்தி லட்டுக்கும் ஒரு கம்பிதான். பூந்தி ஊறி மெதுவாகவும், முத்துகள் ஒன்றோடொன்று ஒட்டவும் அது போதும். பாதுஷாவின் மேல் வெள்ளையாகப் பூத்து நிற்கும் சர்க்கரைப் பூச்சு வேண்டுமென்றால் இரட்டைக் கம்பி வரை போக வேண்டும்.

மைசூர்பாகு, தேங்காய் பர்பி இரண்டும் வேறு வகை. இவற்றுக்கு ஒரு கம்பி என்பது ஆரம்பப் பதம் மட்டுமே. மாவையோ தேங்காயையோ போட்டபின் கிளறிக்கொண்டே இருக்கிறோம், தண்ணீரும் வற்றிக்கொண்டே இருக்கிறது. தட்டில் கொட்டும்போது பாகு ஒரு கம்பியைத் தாண்டி வெகுதூரம் போயிருக்கும். "ஒரு கம்பிப் பாகுதான் வைத்தேன், ஏன் ஜாங்கிரிப் பாகு போல் நிற்காமல் மைசூர்பாகு மட்டும் இறுகுகிறது?" என்ற கேள்விக்கு இதுவே பதில்.

மைசூர்பாகில் அந்த மிச்சத் தண்ணீருக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. காய்ந்த நெய்யைக் கரண்டி கரண்டியாக ஊற்றும்போது 'சொர்' என்று பொங்குவது, பாகிலுள்ள தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாவதால். அந்த ஆவி போன வழிதான் கடலைமாவுக் கலவையில் தேன்கூடு போலத் துளைகளாக நிற்கிறது. பாகு முற்றிப்போயிருந்தால் ஆவியாகத் தண்ணீர் இருக்காது, நெய் பொங்காது. துளையில்லாத கல்தான் கிடைக்கும். பாகு இளசாக இருந்தாலோ தண்ணீர் வற்றுவதற்குள் மாவு அதில் வெந்து கூழாகிவிடும், எவ்வளவு கிளறினாலும் அல்வா போலவே சுருளும்.

பாகு ஏன் பூத்துப் போகிறது?

நூறு கிராம் தண்ணீர் அறையின் சூட்டில் ஏறக்குறைய இருநூறு கிராம் சர்க்கரையைக் கரைத்து வைத்துக்கொள்ளும். அதற்குமேல் கரைக்க முடியாத நிலையில் இருக்கும் கரைசலைத் தெவிட்டிய கரைசல் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்போம். இனிப்பைப் பற்றிப் பேசும்போது இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

செறிவுக் கணக்கில் அது 67 சதவீதம். கம்பிப் பதமோ 72. அதாவது ஒரு கம்பியிலிருந்து எல்லாப் பாகும், ஆறியபின், தன்னால் தாங்க முடிந்ததைவிட அதிகச் சர்க்கரையை வைத்துக்கொண்டிருக்கிறது. உருண்டைப் பதத்தில் நூறு கிராம் தண்ணீருக்கு 560 கிராமுக்கும் மேல் சர்க்கரை. இந்த உபரி எப்போது வேண்டுமானாலும் மணிமணியாகப் பிரியலாம். ஒரே ஒரு கரையாத சர்க்கரைத் துகளோ, தேவையில்லாத ஒரு கிளறலோ அதற்குப் போதும்.

பர்பிக்கு இது தேவைதான். கடைசியில் வேகமாகக் கிளறி, நுண்ணிய மணிகள் ஏராளமாக உருவாகும்படி செய்கிறோம், அதனால் வில்லை இறுகுகிறது. ஜாங்கிரிப் பாகில் இது தொல்லை. மறுநாள் பாத்திரத்தின் அடியில் கற்கண்டு போல் படிந்துவிடும்.

தடுக்க மூன்று காரியம் செய்யலாம். சர்க்கரை முழுவதும் கரைந்த பிறகுதான் கொதி வரவேண்டும், கொதித்தபின் கிளறக் கூடாது. வாணலியின் ஓரத்தில் தெறித்து ஒட்டிய துகள்களை ஈரத் துணியாலோ பிரஷ்ஷாலோ துடைத்துவிட வேண்டும். அரைக் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விடலாம். புளிப்பு, சர்க்கரையில் ஒரு பகுதியை குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்ற இரண்டு எளிய சர்க்கரைகளாகப் பிரிக்கிறது. இவை நடுவே புகுந்து நிற்பதால் சர்க்கரை ஒழுங்காக அடுக்கி மணியாக முடியாது. அதே காரணத்தால் பர்பிக்கும் மைசூர்பாகுக்கும் எலுமிச்சை விடக் கூடாது, அவை இறுகாமல் ஒட்டிக்கொண்டே நிற்கும்.

சுருங்கச் சொன்னால், ஊறும் பலகாரத்துக்கு 67 சதவீதத்துக்குக் கீழே, ஒட்டி நிற்க வேண்டியதற்கு ஒரு கம்பி, மேலே பூக்க வேண்டியதற்கு இரட்டைக் கம்பி. கிளறி இறக்குவதற்கு ஒரு கம்பியில் தொடங்கி, அடுப்பின் மேலேயே மீதியை வற்றவைக்க வேண்டும்.

உருண்டைப் பதம்: அதிரசத்தை வைத்துப் பார்ப்போம்

அதிரசத்தில் வெல்லப் பாகை அடுப்பிலிருந்து இறக்கியபின் மாவைக் கலக்கிறோம். பிறகு வற்றவைத்துச் சரிசெய்ய வாய்ப்பில்லை, இறக்கும்போது இருப்பதே இறுதிப் பதம். மற்ற எந்தப் பலகாரத்தையும்விட இதில் கை தவறுவதற்குக் காரணம் அதுதான்.

அரைக் கிலோ பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் துணியில் பரப்பி அரை மணி நேரம் போல உலர்த்துங்கள். அரிசி கையில் ஒட்டக் கூடாது, ஆனால் தொட்டால் ஈரம் தெரிய வேண்டும். அரைத்துச் சலித்த மாவைப் பிடித்தால் பிடியாக நிற்கும். இந்த ஈரமும் பாகுக் கணக்கில் சேர்கிறது என்பதை மறக்கக் கூடாது. கடையில் வாங்கிய காய்ந்த அரிசி மாவில் அதிரசம் கல்லாவதற்கு இதுவே காரணம்: சரியான பதத்தில் இறக்கிய பாகிலிருந்து காய்ந்த மாவு தண்ணீரை உறிஞ்சி, அதை முற்றிய பாகாக்கிவிடுகிறது.

375 கிராம் பாகு வெல்லத்தைப் பொடித்து, அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள். வெல்லத்திலேயே கொஞ்சம் ஈரமும், முன்பு சொன்ன எளிய சர்க்கரைகளும் உண்டு. ஆகவே எடைக் கணக்கு இதில் துல்லியமாக வராது, தண்ணீர்ச் சோதனைதான் வழி.

ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் வைத்துக்கொண்டு, ஒரு சொட்டுப் பாகு விட்டு, ஐந்து நொடி கழித்து விரலால் கூட்டிப் பாருங்கள். முதலில் சொட்டு தண்ணீரோடு கரைந்து பழுப்பாகக் கலங்கும். சற்று நேரத்தில், அடியில் தங்கும், ஆனால் கூட்டினால் நழுவிப் பரவும். அடுத்து, விரலால் கூட்டினால் ஒன்றுசேர்ந்து, தண்ணீருக்குள்ளேயே உருட்ட வரும். வெளியே எடுத்து விரல் நுனியில் வைத்தால் மெல்லத் தட்டையாகும். இந்த மூன்றாவது கட்டம்தான் அதிரசப் பதம். பழுத்த தக்காளியை அழுத்தினாற்போல் இருக்கும் என்பதால் இதைத் தக்காளிப் பதம் என்றும் சொல்வார்கள். வெளியே எடுத்தும் உருண்டையாகவே நின்றால் ஒரு படி தாண்டிவிட்டது.

உடனே இறக்கி, ஏலக்காயும் சுக்கும் சேர்த்து, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறுங்கள். இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டியாக, கரண்டியிலிருந்து கட்டியாக விழும்போதே நிறுத்திவிட வேண்டும். சப்பாத்தி மாவு போல வரும்வரை மாவு போட்டுக்கொண்டே போவது பெரிய தவறு. சூட்டில் தளர்வாகத் தெரிவது ஆறியதும் தானாக இறுகும். எப்போதும் ஒரு கைப்பிடி மாவு மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள், அது பின்னால் உதவும்.

கலந்த மாவை ஒரு நாளாவது மூடி வைக்க வேண்டும். அந்த நேரத்தில் பாகின் ஈரமும் மாவின் ஈரமும் ஒன்றுக்கொன்று பரவிச் சமமாகின்றன. அன்றே தட்டிப் போட்டால் ஓரம் வெடிப்பதும், மறுநாள் அதே மாவு வழுவழுவென்று தட்ட வருவதும் இதனால்தான்.

முதல் அதிரசத்தை மிதமான சூட்டில் போட்டுப் பாருங்கள். எண்ணெயில் நுரைத்துப் பிரிந்து போனால் பாகு இளசு, அதாவது தண்ணீர் அதிகம். எடுத்து வைத்த மாவைச் சேர்த்துப் பிசைந்து, சில மணி நேரம் விட்டு மறுபடி பாருங்கள். தட்டும்போதே ஓரம் வெடித்து, பொரித்தபின் கடிக்க முடியாமல் இருந்தால் பாகு முற்றல். வெதுவெதுப்பான பாலை ஒரு தேக்கரண்டி விட்டுப் பிசைந்து, பதினைந்து நிமிடம் பொறுத்து, போதாவிட்டால் இன்னொரு தேக்கரண்டி. ஒரேயடியாக ஊற்றினால் முதல் கோளாறுக்கே திரும்பிவிடுவீர்கள்.

அதற்கு மேலே

சொட்டைத் தண்ணீரிலிருந்து எடுத்தபின்னும் உருண்டையாக நின்று, அழுத்தினால் மட்டும் நெளிந்தால் அது கெட்டி உருண்டைப் பதம். மனோகரத்துக்கும் பொரி உருண்டைக்கும் இந்த இடம் சரி. பொரி காற்றைப் போல் லேசானது, அதைப் பிடித்துவைக்க இது போதும். ஆனால் பாகில் நீர் கூடினால் பொரி நமத்துவிடும்.

கடலை மிட்டாய்க்கு இன்னும் மேலே போக வேண்டும். தண்ணீரில் விட்ட சொட்டு உடனே மணியாக இறுகி, எடுத்துத் தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் கேட்கும், கடித்தால் பல்லில் ஒட்டாமல் உடையும். 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயைக் கடிக்கும்போது கேட்கிற அந்த முறுக்கென்ற சத்தம் இந்தப் பதத்தின் சத்தம்தான். இந்த நிலையில் சர்க்கரை மணியாகவும் இல்லாமல் திரவமாகவும் இல்லாமல், ஒழுங்கின்றி உறைந்து, கண்ணாடி போல நிற்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் திறந்து வைத்தால் ஒட்டுவது அதனால்தான். ஆறிய கையோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவிட வேண்டும்.

பதம் தாண்டிவிட்டால்

முற்றிய பாகைக் கொட்டிவிடுகிறவர்கள் பலர். கருகாத வரை அதற்குத் தேவையே இல்லை. பதம் என்பது தண்ணீரின் அளவு என்றால், போன தண்ணீரைத் திரும்ப ஊற்றினால் பதமும் திரும்ப வரும். தீயை அணைத்து, வாணலியின் ஓரமாக, தெறிக்காமல், அரைக் கிலோவுக்கு நூறு மில்லி வெந்நீர் விட்டு, கட்டி எல்லாம் கரையும்வரை இளந்தீயில் வைத்து, மறுபடி கொதிக்கவிட்டுச் சோதியுங்கள். அடியில் பூத்துப் போன ஜாங்கிரிப் பாகுக்கும் இதே வைத்தியம்தான்.

வெல்லப் பாகிலும் இது செய்யலாம், ஆனால் ஒரு முறைக்கு மேல் வேண்டாம். திரும்பத் திரும்பக் கொதிக்கும்போது அதன் நிறம் கறுத்து, எளிய சர்க்கரைகளும் கூடி, பிசுபிசுப்பு போகாத பாகாகிவிடும். அப்படி ஆன பாகை அதிரசத்துக்கோ கடலை மிட்டாய்க்கோ எடுக்காமல், நீர்க்கக் கரைத்துப் பாயசத்தில் சேர்த்துவிடலாம்.